யூரியா ஆலையில் கன்வெர்ஷன் குறைந்தால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

தொழிற்சாலை வேதியியல் கட்டுரைகளில் யூரியா பற்றி எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு: "வினைபுரியாத வாயுக்கள் மீண்டும் ரியாக்டருக்கு அனுப்பப்படுகின்றன." வரியில் தப்பில்லை. ஆனால் ஆலையில் ஷிப்ட் பார்த்தவனுக்கு அந்த ஒரு வரிதான் முக்கால்வாசி வேலை. ரியாக்டர் பெரும்பாலும் தொந்தரவு தராது. தொந்தரவு எல்லாம் திரும்பி வருகிற வழியில்தான். அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகிறேன். அறிகுறிகள் வேறு வேறாகத் தெரிந்தாலும், அநேகமாக எல்லாமே திரும்பி வரும் வழியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்ற ஒரே கேள்வியில் வந்து முட்டும்.

முதலில் அடிப்படை. வினை இரண்டு படிகளில் நடக்கிறது.

```
2 NH3 + CO2  ⇌  NH2COONH4
NH2COONH4    ⇌  NH2CONH2 + H2O
```

முதல் படியில் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அம்மோனியம் கார்பமேட் ஆகின்றன. இது வேகமான வினை, நிறைய வெப்பத்தை வெளியிடும். இரண்டாம் படியில் கார்பமேட்டிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று யூரியா கிடைக்கிறது. இது மெதுவான வினை, கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், பாதியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் சமநிலையில் நின்றுவிடும். இரண்டாம் படி நடக்க 180 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கார்பமேட் சிதையாமல் திரவமாக நிற்க 140 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஸ்ட்ரிப்பிங் என்ற முறையில், உள்ளே போகும் கார்பன் டை ஆக்சைடில் 58 சதவீதம் போல ஒரு சுற்றில் யூரியாவாக மாறும், இதைத்தான் கன்வெர்ஷன் என்கிறோம். மீதியைத் திரும்ப அனுப்பியே ஆகவேண்டும்.

மீதியை வாயுவாகவே பிடித்து, அழுத்தி, உள்ளே தள்ளிவிடலாமே என்று தோன்றும். முடியாது. அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவைக் கம்ப்ரெசரில் அழுத்தினால் திடக் கார்பமேட் படிந்து இயந்திரமே இறுகிப் போகும். சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உப்பு மாதிரி படியத் தொடங்கிவிடும். அழுத்தம் ஏற ஏற அந்த வெப்பநிலையும் ஏறும். ஆகவே அந்த வாயுக்களைக் குளிர்வித்துத் தண்ணீரில் கரைத்து, கரைசலாகப் பம்ப் வழியே திரும்ப அனுப்புகிறோம். இங்கேதான் சிக்கல். எந்தத் தண்ணீரைக் கழற்றினால்தான் யூரியா கிடைக்குமோ, அதே தண்ணீரை நாமே சுமந்துகொண்டு போய் ரியாக்டரில் ஊற்றுகிறோம்.

## அறிகுறி: ரியாக்டர் சாம்பிளில் கன்வெர்ஷன் இறங்குகிறது

ஆய்வகத் தாளில் 58 இருந்த இடத்தில் 56 வருகிறது, அடுத்த சாம்பிளில் 55. பார்க்க வேண்டியவை மூன்று: வெப்பநிலை, அம்மோனியா விகிதம், தண்ணீர்.

வெப்பநிலையை ரியாக்டரின் உச்சியில் பார்க்கலாம். வழக்கமாக 183 காட்டும் இடத்தில் 178 காட்டினால் வினை பிந்துகிறது. இதற்குப் பெரும்பாலும், திரும்பும் வாயுவில் ஒரு பகுதியை ரியாக்டருக்கு முன்பே திரவமாக்கி அந்த வெப்பத்தில் நீராவி தயாரிக்கும் உயர் அழுத்தக் கண்டென்சர்தான் காரணம். அங்கே அளவுக்கு மீறிக் கார்பமேட்டைக் குளிர்வித்து நீராவி எடுத்துவிட்டால், ரியாக்டருக்குள் போய்த் திரவமாகி அங்கே சூடு கொடுக்க வேண்டிய வாயு மிச்சம் இருக்காது. இரண்டாம் படிக்கு வேண்டிய வெப்பம் அந்த வாயு திரவமாகும்போதுதான் கிடைக்கிறது. கண்டென்சரின் நீராவி அழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் சரியாகும்.

அம்மோனியா விகிதம் என்பது ரியாக்டருக்குள் ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கு எத்தனை அம்மோனியா என்ற கணக்கு. வினைக்கு 2 போதும், ஆனால் இந்த முறையில் 3 அளவில் வைத்திருப்போம். கூடுதல் அம்மோனியா தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுபோல நடந்துகொண்டு சமநிலையை யூரியா பக்கம் தள்ளுகிறது. இதைப் பற்றி அழுத்தம் ஏறும் அறிகுறியில் திரும்ப வருகிறேன்.

இரண்டும் சரியாக இருந்தும் கன்வெர்ஷன் இறங்கினால் மிச்சம் தண்ணீர்தான். ரியாக்டருக்குள் போகும் ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கு எத்தனை தண்ணீர் என்பதை நீர் விகிதம் என்று வைத்துக்கொள்வோம். அது 0.1 கூடினால் கன்வெர்ஷன் ஒன்றரையிலிருந்து இரண்டு புள்ளி இறங்கும் என்பது ஆலையில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கணக்கு. பார்க்கச் சின்ன எண். ஆனால் அது சுற்றில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ரியாக்டருக்குள் மொத்தம் 100 மோல் கார்பன் டை ஆக்சைடு, 300 மோல் அம்மோனியா, திரும்பி வரும் கரைசல் மூலம் 40 மோல் தண்ணீர் போகிறது என்று எடுத்துக்கொள்வோம். 58 மோல் யூரியா கிடைக்கிறது. அதற்கு 116 அம்மோனியா செலவு, மிச்சம் 184. இந்த 184-ம் ரியாக்டரிலிருந்து ஸ்ட்ரிப்பருக்கு இறங்குகிறது. ஸ்ட்ரிப்பர் என்பது நின்ற வாக்கில் இருக்கும் குழாய்க் கொத்து. குழாயின் உட்சுவரில் திரவம் மெல்லிய ஏடாக வழிந்து இறங்கும், எதிரே கீழிருந்து புதிய கார்பன் டை ஆக்சைடு ஏறும், வெளிப்புறம் நீராவி சூடேற்றும். கார்பமேட் சிதைந்து அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் வாயுவாக மேலே போய்விடும். அழுத்தம் அதே 140 பார் என்பதால், இந்த வாயு தண்ணீர் எதுவும் சேர்க்காமலே கண்டென்சர் வழியாக ரியாக்டருக்குத் திரும்பும். ஸ்ட்ரிப்பிங் முறையின் மொத்த லாபமே இதுதான்.

நல்ல நாளில் ஸ்ட்ரிப்பர் அந்த 184-ல் 155-ஐப் பிரித்து மேலே அனுப்புகிறது. 29 மட்டும் யூரியாவோடு கீழே தப்பி, 4 பார் அளவில் இயங்கும் குறைந்த அழுத்தப் பகுதிக்குப் போகிறது. இந்த 29-ஐக் கரைத்துத் திருப்பி அனுப்பத்தான் அந்த 40 மோல் தண்ணீர்.

இப்போது ஸ்ட்ரிப்பருக்குப் போகும் நீராவியின் அழுத்தம் கொஞ்சம் இறங்கிவிட்டது, 155-க்குப் பதில் 145 தான் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரிப்பரின் வேலை 6 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் கீழே தப்புவது 29-லிருந்து 39 ஆகிவிட்டது, மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதைக் கரைக்கத் தண்ணீரும் அதே அளவில் கூட வேண்டும்: 40 இருந்தது 54 ஆகிறது. நீர் விகிதம் 0.14 கூடியதால் கன்வெர்ஷன் 55.6-க்கு இறங்கும். கன்வெர்ஷன் இறங்கியதால் மிச்ச அம்மோனியா 184 அல்ல, கிட்டத்தட்ட 189. ஸ்ட்ரிப்பர் அதே 145-ஐத்தான் பிரிக்கும், ஆகவே 44 தப்பும். அதற்குத் தண்ணீர் 60. கன்வெர்ஷன் 54.4. அடுத்த சுற்றில் 53.9. இப்படியே போய் 53 பக்கத்தில்தான் நிற்கும். அப்போது தண்ணீர் 67 மோல்.

6 சதவீத ஸ்ட்ரிப்பர் குறை 5 புள்ளி கன்வெர்ஷனைத் தின்றுவிட்டது. இது எளிமைப்படுத்திய கணக்கு. உண்மையில் தண்ணீர் கூடினால் ஸ்ட்ரிப்பரிலும் கார்பமேட் பிரிவது கடினமாகும், ஆகவே இன்னும் மோசமாகவே போகும். 53-க்கு வந்து சேரும் முன்பே குறைந்த அழுத்தப் பகுதி நிரம்பி, லோடைக் குறைக்க வேண்டி வந்துவிடும். கட்டுரை எழுதுபவர்கள் இந்த ஒரு கணக்கைத் தங்கள் எண்களில் போட்டுப் பார்க்கட்டும். பாய்வுப் படத்தில் அம்புக்குறி போடும் அளவுக்குச் சாதாரணமானது அல்ல மறுசுழற்சி என்பது தானாகத் தெரியும்.

## தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது

தண்ணீர்தான் குற்றவாளி என்று தெரிந்த பிறகு, அது அழைத்து வரப்பட்டதா, தானாகக் கசிந்து வந்ததா என்று பார்க்க வேண்டும். இதைப் பிரிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: திரும்பும் கார்பமேட் கரைசலின் அளவையும் அடர்வையும் சேர்த்துப் பாருங்கள்.

கரைசலின் அளவு கூடி, அடர்வு பழையபடியே இருந்தால் குற்றம் ஸ்ட்ரிப்பரில். அதிக வாயு கீழே தப்புகிறது, அதற்கேற்ற தண்ணீரும் சேர்கிறது. கூடவே குறைந்த அழுத்தப் பகுதியின் அழுத்தம் ஏறும், கார்பமேட் பம்ப் வேகம் கூடும். ஸ்ட்ரிப்பரின் நீராவி அழுத்தம் சரியா, அடியில் இறங்கும் திரவத்தின் வெப்பநிலை சரியா என்று பாருங்கள். நீராவி சரியாக இருந்தும் பலன் இல்லை என்றால், குழாய்களுக்குத் திரவம் சமமாகப் பிரியவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு குழாயின் தலையிலும் சிறு துளைகள் உள்ள ஒரு தொப்பி இருக்கும். அந்தத் துளை சில குழாய்களில் அடைத்துக்கொண்டால் மற்றக் குழாய்களில் ஏடு தடித்துவிடும். தடித்த ஏட்டிலிருந்து வாயு முழுசாக வெளியேறாது. இதை ஓட்டத்தில் சரிசெய்ய முடியாது. லோடைக் குறைத்து ஓட்டிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

மாறாக, கரைசல் நீர்த்துப் போயிருந்தால் ஸ்ட்ரிப்பரைத் திட்டாதீர்கள். எங்கோ தண்ணீர் நேரடியாகச் சேர்கிறது. கழிவுநீரிலிருந்து அம்மோனியாவைப் பிரித்தெடுக்கும் கோபுரத்தின் உச்சி வெப்பநிலை ஏறியிருந்தால், அம்மோனியாவோடு நீராவியும் அதிகமாகக் கிளம்பி வந்து கரைசலில் சேரும். அது சரியாக இருந்தால், குழாய் அடைப்பைக் கரைக்க வைத்திருக்கும் கழுவு நீர் வால்வுகளைப் பாருங்கள். எனக்கு நேர்ந்தது அந்த இரண்டாவது கதை.

இரவு ஷிப்ட். மாலையில் பணியை ஒப்படைத்தவர் சொன்னது ஒன்றுதான்: "கார்பமேட் பம்ப் சக்ஷன் கொஞ்சம் இறுகிச்சு, ஃப்ளஷ் பண்ணி விட்டாச்சு, இப்ப ஓகே." பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு வந்த ஆய்வக அறிக்கையில் கன்வெர்ஷன் 56. சரி, சாம்பிள் எடுத்ததில் ஏதோ பிசகு என்று நினைத்து இன்னொன்று கேட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து 55. ரியாக்டர் உச்சி வெப்பநிலையில் பெரிய மாற்றம் இல்லை. அம்மோனியா விகிதம் 3-ஐ ஒட்டியே இருந்தது. ஸ்ட்ரிப்பரின் நீராவி அழுத்தம் நேராகக் கோடு போட்ட மாதிரி நின்றது. நான் முதலில் ஸ்ட்ரிப்பர்மீதுதான் சந்தேகப்பட்டு, நீராவியை ஒரு படி ஏற்றினேன். ஒன்றும் அசையவில்லை. பழக்கத்தால் செய்த தப்பு அது. முதலிலேயே கார்பமேட் கரைசலின் சாம்பிளைக் கேட்டிருக்க வேண்டும்.

அதைக் கேட்டபோது விடை வந்துவிட்டது. வழக்கமாக எடையில் 34 சதவீதம் தண்ணீர் இருக்கும் கரைசலில் 41 சதவீதம். ஏழு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் கணக்குப் போடுங்கள். அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து 66 பங்கு இருந்தபோது தண்ணீர் 34 பங்கு. அதே 66 பங்கு, கரைசலின் 59 சதவீதமாகச் சுருங்க வேண்டுமானால் தண்ணீர் 46 பங்கு இருக்க வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் தண்ணீர். மேலே போட்ட கணக்கில் 40 மோல் 54 ஆனதே, அதே விகிதம்.

என்னோடு இருந்த மூத்த ஆபரேட்டர் அறிக்கையைப் பார்த்ததும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கழுவு நீர்க் குழாயில் இரண்டு வால்வுகள், நடுவே ஒரு சின்ன வடிகால். இரண்டும் மூடியிருக்கும்போது வடிகால் திறந்தே இருக்க வேண்டும். கசிந்தால் தரையில் சொட்டிக் காட்டிக்கொடுக்கும், அதற்குத்தான் அந்த அமைப்பு. ஆனால் வடிகால் மூடியிருந்தது. அவர் அதைத் திறந்ததும் சுடச்சுட கண்டென்சேட் விரல் தடிமனில் ஊற்றியது. "பாருங்க சார், மாலையிலிருந்து இதுதான் போயிட்டிருக்கு" என்றார். முதல் வால்வைச் சக்கரத்தில் இன்னும் முக்கால் சுற்று இறுக்கினார். ஊற்று சொட்டாகி, சொட்டு நின்றது. இரண்டாவது வால்விலும் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. கழுவு நீரின் அழுத்தம் கரைசல் குழாயின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே சின்ன இடைவெளி போதும், தண்ணீர் உள்ளேதான் போகும்.

வால்வு மூடியதும் கன்வெர்ஷன் எழுந்து நிற்கவில்லை. தொட்டியில் இருக்கிற நீர்த்த கரைசல் தீர்ந்து, சுற்றுக்குள் இருக்கும் கூடுதல் தண்ணீர் யூரியா கரைசலோடு ஆவியாக்கிக்குப் போய் வெளியேற வேண்டும். அதற்கு மறுநாள் காலை ஷிப்ட் பாதிவரை ஆனது. அதுவரை ஆவியாக்கியில் வழக்கத்தைவிட நிறைய நீராவி செலவானது. கூடுதல் தண்ணீரை வெளியேற்ற வேறு குறுக்கு வழி கிடையாது.

## அறிகுறி: கார்பமேட் குழாய் அடைக்கிறது

அந்த மாலையில் பம்ப் ஏன் இறுகியது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். இது தண்ணீரின் மறுபக்கம். தண்ணீர் குறைந்தால் கரைசலில் கார்பமேட் படிகமாகும்.

அறிகுறிகள் வரிசையாக வரும். கரைசல் தொட்டியின் மட்டம் மெல்ல ஏறும், பம்ப் தள்ளும் அளவு குறையும், பம்பின் ஒலி மாறும். பம்ப் ஓடும் சீரான தாளம் உடைந்து, உள்ளே கூழாங்கல் உருள்வதுபோலக் கேட்கும். அப்போது குழாய் நெடுகக் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், சுடாத ஒரு துண்டு கிடைக்கும். கரைசல் குழாய்களைச் சுற்றிச் சின்ன நீராவிக் குழாய் ஓடும், சூடு குறையாமல் காப்பதற்காக. அதில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் ட்ராப் அடைத்துவிட்டாலோ, பழுது பார்த்தவர்கள் காப்புறையைத் திரும்பச் சுற்றாமல் போய்விட்டாலோ அந்த ஓர் அடியில் அடைப்பு தொடங்கும். அந்த மாலையில் நடந்தது இதுதான். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் வெறுமனே கிடந்தது.

சூடான கண்டென்சேட்டால் கழுவினால் கரைந்துவிடும். ஆனால் கழுவிய ஒவ்வொரு வாளித் தண்ணீரும் சாக்கடைக்குப் போகாது, ரியாக்டருக்குத்தான் போகும். ஆகவே கழுவுவதற்கு முன் நீராவிக் குழாயைச் சரிசெய்வது நல்லது. இல்லாவிட்டால் வாரம் இருமுறை கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆபரேட்டர்கள் அடைப்புக்குப் பயந்து கரைசலை எப்போதும் கொஞ்சம் நீர்த்தே வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது: அடைத்தால் இரவோடு இரவாகத் தெரியும், கன்வெர்ஷன் ஒரு புள்ளி குறைந்தால் மாதக் கணக்கில்தான் தெரியும். எவ்வளவு தண்ணீர் போதும் என்பது அந்த ஆலையின் குழாய்கள் எவ்வளவு சூடாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பாடநூல் எண் ஒன்றை வைத்து அதை முடிவுசெய்ய முடியாது.

## அறிகுறி: சிந்தசிஸ் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது

140 பாரில் நிற்க வேண்டியது 143, 145 என்று ஏறுகிறது. இங்கே புதியவர்கள் தவறு செய்யும் இடம், அம்மோனியா அதிகமாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டுவது.

கொடுத்த வெப்பநிலையில் இந்தக் கலவையின் அழுத்தத்தை அம்மோனியா விகிதத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு பள்ளம் கிடைக்கும். பள்ளத்தின் அடி 3-க்கு அருகே. அம்மோனியா கூடினாலும் அழுத்தம் ஏறும், குறைந்தாலும் ஏறும். ஆனால் பள்ளத்தின் இரண்டு கரைகளும் ஒரே மாதிரி இல்லை. அம்மோனியா குறைந்த பக்கம் செங்குத்து, அதிகமான பக்கம் சரிவு. ஆகவே அழுத்தம் மளமளவென்று ஏறினால் அம்மோனியா போதவில்லை என்று முதலில் நினைக்க வேண்டும், மெல்ல ஏறினால் அதிகம் என்று நினைக்கலாம். அழுத்தமானியை மட்டும் நம்பாமல் ரியாக்டரிலிருந்து வரும் திரவத்தின் அடர்த்தியையும் பாருங்கள். அம்மோனியா இலேசானது, அது கூடினால் திரவத்தின் அடர்த்தி இறங்கும். பல ஆலைகளில் விகிதத்தை இப்படி அடர்த்தியை வைத்துத்தான் தொடர்ந்து கணிக்கிறார்கள்.

எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் அம்மோனியாவைச் சிறிதளவு மாற்றிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். ரியாக்டருக்குள் திரவம் தங்கும் நேரம் முக்கால் மணி முதல் ஒரு மணி. பத்து நிமிடத்தில் பலன் தெரியவில்லையே என்று மறுபடி திருப்பினால், ஒரு மணி நேரம் கழித்து இரண்டு திருப்பலும் சேர்ந்து வந்து பள்ளத்தின் மறுகரையில் ஏற்றிவிடும். பிறகு இங்கும் அங்கும் ஆடுவதிலேயே ஷிப்ட் போய்விடும்.

விகிதம் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறுகிறது, வெப்பநிலைகள் அசையவில்லை என்றால் வினைபுரியாத வேற்று வாயுக்கள் தேங்கியிருக்கும். கார்பன் டை ஆக்சைடோடு வரும் ஹைட்ரஜனும் நைட்ரஜனும், நாமே கலந்துவிடும் காற்றும் சுற்றில் எதனோடும் சேராமல் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. வெளியேறும் வாயுவிலிருந்து அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் கரைத்துப் பிடிக்கும் ஸ்க்ரப்பரின் உச்சியில் உள்ள வெளியேற்று வால்வு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை அதிகம் திறந்தால் அம்மோனியாவும் கூடவே வெளியேறும். குறைவாகத் திறந்தால் வேறோர் ஆபத்து: அந்த உச்சியில் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் கரைந்து போனபின் மிஞ்சுவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அடர்ந்த வாயு, அது வெடிக்கக்கூடிய கலவை. அதனால்தான் சில ஆலைகளில் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும்போதே வினையூக்கிமீது செலுத்தி ஹைட்ரஜனை எரித்துவிடுகிறார்கள்.

## சின்ன அறிகுறிகள் இரண்டு

யூரியாவில் பையூரெட் கூடினால் அது மறுசுழற்சியின் குற்றம் அல்ல. இரண்டு யூரியா மூலக்கூறுகள் ஓர் அம்மோனியாவை விட்டுவிட்டுச் சேர்ந்துகொள்வதால் பையூரெட் உண்டாகிறது. சூடும், காத்திருப்பும், அம்மோனியா இல்லாமையும் அதற்குப் பிடித்தவை. ஸ்ட்ரிப்பர் அடியிலோ ஆவியாக்கியிலோ உருகிய யூரியா தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். மட்டத்தைக் குறைத்து வைத்தால் பாதி சரியாகும். ஆனால் ஒரு தொடர்பு உண்டு: கூடுதல் தண்ணீரை விரட்ட ஆவியாக்கியின் சூட்டை ஏற்றுபவர் பையூரெட்டையும் சேர்த்தே ஏற்றுகிறார். அன்று இரவு எங்களுக்கும் கொஞ்சம் ஏறியது.

யூரியாவில் இரும்பும் நிக்கலும் கூடினால், நிறம் மங்கினால், அது அவசரம். கார்பமேட் எவர்சில்வரையும் தின்னும். எஃகின்மேல் ஆக்சைடுப் படலம் இருக்கும் வரைதான் பாதுகாப்பு, அந்தப் படலத்தைக் காக்கத்தான் கார்பன் டை ஆக்சைடில் சிறிதளவு காற்று கலக்கிறோம். ஆக்சிஜன் கணக்கில் 0.6 சதவீதம் போல. காற்றுக் கம்ப்ரெசர் நின்றுபோய் யாரும் கவனிக்காவிட்டால் படலம் கரைந்து, உலோகம் நேரடியாக அரிபடத் தொடங்கும். ஒருமுறை தொடங்கிவிட்டால் காற்றைத் திரும்பத் திறந்தாலும் அது உடனே அடங்காது. ஆகவே நிக்கல் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, காற்று ஓட்டமானியைப் போய் நேரில் பார்ப்பது. திரையில் தெரியும் எண்ணை அந்த நேரத்தில் நம்பாதீர்கள்.